சார்ஜர் என்று ஒட்டிய பார்சல்

மலேசியாவில், கூலாய் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கான வரிசையில், எனக்கு முன்னால் ஃபேக்டரிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“என் பேர்ல வேப் வந்துச்சு, அந்தப் புகை விடற மின் சிகரெட்டு. நான் வாங்கவே இல்ல,” என்றாள் உயரமானவள்.

“பிறகு யாரு?”

“மக. பதினாலு வயசு. பதினெட்டு ஆச்சான்னு ஆன்லைன்ல கேட்டுச்சாம், ஆமான்னு தட்டிட்டா. அவ்வளவுதான் லா. பார்சல் மேல சார்ஜர்னு ஒட்டியிருந்துச்சு.”

“எப்படிப் பிடிச்ச?”

“டெலிவரிக்காரம்மாதான். எப்பவும் செருப்பு ரேக்ல வச்சு ஃபோட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. இந்தச் சார்ஜர் பார்சலெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கே போகுதேன்னு சந்தேகம். வயசு பாக்க மககிட்ட ஐசி, அடையாள அட்டையக் கேட்டாங்க. அவ முழிச்சதும் பார்சலக் கொடுக்கல. நான் வேல முடிஞ்சு வந்தப்புறம் திரும்ப வந்து என் கையில கொடுத்தாங்க. பிரிச்சா வேப்.”

“டெலிவரி பண்றவங்க ஐசி பாக்கணும்னு ரூல் இருக்கா?”

“இல்லையாம். சார்ஜருக்கு யாரு ஐசி பாப்பாங்க?”

“அப்ப ஏன் கேட்டாங்க?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘வித்தவன் ஐசி கேக்கல, ஆர்டர் எடுத்த ஆப்பும் கேக்கல. வாசல்ல நிக்கிற கடைசி ஆளு நான்தானே’ன்னாங்க.”