சுவரை இரண்டு முறை தட்டுங்கள்

புதிதாகக் குடிவந்தவருக்குக் குறிப்பு எழுதும்போது நீளமாக எழுதக் கூடாது, மேடம். படிக்கிறவருக்கு அது பாரமாகிவிடும். அந்தக் குறிப்பைப் பற்றி நீங்கள் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பவித்ரா குடிவந்த அன்றே அதைக் கொடுக்கவில்லை. அன்று வாசலில் அட்டைப்பெட்டிகள் குவிந்திருக்கும், காகிதம் குப்பையோடு போய்விடும். கீழே தபால்பெட்டியில் போட்டால் வாரக்கணக்கில் கிடக்கும். மறுநாள் காலை அவள் வீட்டு இரும்புக் கேட்டில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டேன். உள்ளே சிராங்கூன் சாலையில் வாங்கிய முறுக்கு, பிரிக்காத பாக்கெட். என்ன சாப்பிடுவார் என்று தெரியாதபோது, சேர்த்த பொருள்கள் வெளியே அச்சிடப்பட்டிருப்பது நல்லது. வீட்டில் செய்து கொடுத்தால் டப்பாவைத் திருப்பித் தர வேண்டுமே என்று சங்கடப்படுவார்கள்.

குறிப்பு இவ்வளவுதான்: "வணக்கம், வருக. நான் ரோஷினி, உங்கள் இடப்பக்க வீடு. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஏதாவது அவசரம் என்றால் படுக்கையறைச் சுவரை இரண்டு முறை தட்டுங்கள், வந்துவிடுவேன். பதில் அனுப்ப வேண்டியதில்லை." கீழே என் எண்.

'எது வேண்டுமானாலும் கேளுங்கள்' என்று எழுதினால் யாரும் எதையும் கேட்பதில்லை. உதவி சின்னதாக இருக்க வேண்டும். உங்கள் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று முதல் குறிப்பிலேயே எழுதினால் பயந்துவிடுவார்கள். சாவி தானாக வரும்.

அந்த வீட்டில் முன்பு இருந்தவர்களுக்கும் இதே குறிப்பைத்தான் கொடுத்தேன். யாரும் தட்டவில்லை. பவித்ரா அன்று மாலையே நேரில் வந்தாள்.

"உங்க நோட்டைப் பார்த்து அழுதுட்டேன்ப்பா. மதுரையிலிருந்து வந்த நாளா ஒருத்தர் கூட என் பேரைக் கேட்கல. எனக்கு வீசிங் வேற இருக்கு."

எனக்கு நேரில் பேச வராது. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு மழைநாளில் சுவர் இரண்டு முறை அதிர்ந்தது. ஓடினேன். பவித்ரா கதவைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய நீல இன்ஹேலரை அலுவலகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூச்சு சீராகும்வரை என் கையை விடவில்லை. "நீ இல்லன்னா நான் காலி," என்றாள். அந்த வாரமே சாவியைக் கொடுத்தாள்.

அதன்பிறகு அவள் நன்றாக இருந்தாள். சுவர் அமைதியாக இருந்தது. அது நல்ல விஷயம்தான், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள் அவள் கீழே போயிருந்தபோது உள்ளே போய், இன்ஹேலரை எடுத்து அவள் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அவள் தட்டினாள். நான் போய்த் தேடி எடுத்துக் கொடுத்தேன். அப்படிச் சில முறை. ஒருமுறைகூட நான் தாமதமாகப் போனதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அமீரா அவளுக்கு வலப்பக்க வீடு. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. குறிப்பெல்லாம் எழுதவில்லை, நேராகக் கதவைத் தட்டித் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் கொடுத்தாள். பிறகு இருவரும் சேர்ந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் மின்தூக்கி முன்னால் அமீரா என்னைப் பார்த்து, "நீயும் வா லா, ரோஷினி. வீட்டுக்குள்ளேயே கிடந்தா பூஞ்சை பிடிச்சிடும்," என்றாள். பவித்ராவும் சிரித்தாள்.

அடுத்த வாரம் பவித்ரா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "தப்பா எடுத்துக்காத. சாவி அமீரா அக்காகிட்ட இருக்கட்டும். என் இன்ஹேலர் அடிக்கடி இடம் மாறுது. எனக்கே பயமா இருக்கு."

"நாளைக்குத் தர்றேன்," என்றேன்.

மறுநாள் காலை அவள் வெறுங்கையோடு கீழே கடைக்குப் போனபோது உள்ளே போனேன். கட்டிலருகே ஒரு இன்ஹேலர், பைக்குள் இன்னொன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அவள் திரும்பியதும் சாவியை ஒரு முறுக்குப் பாக்கெட்டோடு கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, நேராகப் போய் அதை அமீராவிடம் கொடுத்தாள்.

அன்று புகைமூட்டம் அதிகம். மதியம் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு முறை, குறிப்பில் எழுதியிருந்தபடியே. ஆனால் கான்கிரீட்டில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். என் சுவரைத் தட்டினால் என் கட்டில் அதிரும். கட்டில் அதிரவில்லை. அவள் அமீராவின் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அமீரா வேலைக்குப் போயிருந்தாள். அங்கே கைபேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பவித்ரா அழைத்ததை அவள் மாலையில்தான் பார்த்தாளாம். வந்து கதவைத் திறந்தபோது பவித்ரா உயிரோடு இல்லை.

ஆம், எல்லாம் கேட்டது. இரண்டு இன்ஹேலரையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். செருப்புகூடப் போட்டிருந்தேன்.

ஆம்புலன்ஸையாவது ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். என்னைக் கூப்பிடாதபோது இன்னொருவர் விஷயத்தில் தலையிடுவது மரியாதையில்லை, மேடம். குறிப்பில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். கடைசிவரை அவள் என் சுவரைத் தட்டவே இல்லை.