லயத்துச் சனம் வேற

தீபாவளிக்கு முதல் நாள், ஹட்டனிலிருந்து டயகம போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கொழும்பில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இருவருக்கும் ஒரே தேயிலைத் தோட்டம்.

ஜன்னலோரத்தில் இருந்தவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"டீ குடிச்ச கப்பைக் கழுவாம வச்சேனாம். 'தோட்டக்காட்டுப் பழக்கம்'னு ஆபீஸ்ல ஒருத்தி சொல்லிட்டாக்கா!"

"நீ சும்மாவா இருந்த?"

"விடுவேனா? எங்கப்பா தோட்டத்துல கிளாக்கரு, நாங்க குவாட்டர்ஸ்ல வளந்தவங்க, கொழுந்து பறிக்கிறவங்க இருக்கிற லயத்துச் சனம் வேறன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

மற்றவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நாங்க லயந்தானே."

"ஐயோ, உங்களச் சொல்வேனாக்கா? உங்களப் பாத்தா லயம்னே தெரியாது. அவ்வளவு டீசன்ட்டு."

சண்டை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பாராட்டு வேலை செய்துவிட்டது.

"அதுவுஞ் சரிதான். எங்க மேல் டிவிஷன் லயத்துல எல்லாம் படிச்ச புள்ளைங்க. இந்தக் கீழ் டிவிஷன்தான் சரியான காட்டுக் கூட்டம். பாட்ட அலற விட்டுக்கிட்டு, வெத்தலையத் துப்பிக்கிட்டு..."

"அதேதாங்க்கா! அவங்களாலதான் நமக்கும் கெட்ட பேரு."

இருவரும் மனம் ஒத்துச் சிரித்தார்கள்.

சற்று முன் டவுனில், "மெதுவா எறங்குங்க மிஸ், படி வழுக்கும்" என்று ஒருவரைப் பக்குவமாக இறக்கிவிட்ட கண்டக்டர், தோட்டத்துச் சந்தியில் கதவை ஓங்கித் தட்டினார்.

"தோட்டக்காடெல்லாம் எறங்கு! சட்டுன்னு எறங்கு!"

கிளாக்கர் மகள்தான் முதலில் எழுந்தாள்.