சனிக்கிழமை ஐந்தரை

அந்தத் திங்கட்கிழமை காலை சொதிக்குத் தேசிக்காய் கொஞ்சம் கூடப் பிழிந்துவிட்டேன். என் மனைவி கேதீஸ்வரி ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னப்பா இது, பல்லுக் கூசுது. என்னில உள்ள கோவத்தையெல்லாம் தேசிக்காயிலயா காட்டினீங்க?"

நானும் சிரித்தேன். பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைப்பையைத் திறந்து பம்மை உள்ளே வைத்தேன். மூச்சு முட்டும் தொய்வு வந்தால் வாயில் வைத்து இழுக்கும் மருந்துக் குப்பியை எங்கள் வீட்டில் பம் என்றுதான் சொல்வோம். "நாளைக்கு வயல் வட்டைக்குப் போறாய். அவசரத்தில மறந்திடுவாய்" என்றேன். ஏழரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாறுமூலைக்கு, நூலகத்து வேலைக்குப் போனேன்.

பொலிஸிலிருந்து நீங்கள் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டீர்கள். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

பத்தொன்பது வருடம் ஒன்றாக இருந்தோம். கடைசி மூன்று வருடம் தேவைக்கு மட்டும்தான் பேசினோம். அதுவும் கதவைப் பார்த்துப் பேசுவதுபோல. போன வருடம் சித்திரைக்குப் பிறகு அவள் ஒரு நாள் என் போனை வாங்கி, இரண்டு போனிலுள்ள நாட்காட்டியையும் ஒன்றாக இணைத்தாள். மாதர் சங்கத்துச் செயலாளர் அல்லவா, எதையும் நிகழ்ச்சி நிரலாக்கினால்தான் அவளுக்கு நிம்மதி. சனிக்கிழமை ஐந்தரை மணி, வாராவாரம், முடிவுத் திகதி இல்லை. அரை மணி முன்னால், ஐந்துக்கு, இரண்டு போனும் சேர்ந்து மணியடிக்கும். அந்த அரை மணி தேநீர் போடவும் ரீவியை நிறுத்தவும்.

அதன் குறிப்பில் மூன்று தலைப்பு எழுதியிருந்தாள். முதலாவது, வருகிற வாரம் யார் எங்கே போகிறோம். இரண்டாவது, வீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகள். கிணற்று மோட்டரைத் திருத்துவதா, கூரைத் தகடு மாற்றுவதா, கல்யாண வீட்டுக்கு யார் போவது என்பதுபோல. முடிவுக்குப் பக்கத்தில் செய்கிறவரின் பெயர் எழுத வேண்டும். முடியாதது அடுத்த சனிக்கிழமைக் குறிப்புக்குப் போகும். இடையில் அதைப் பற்றிச் சண்டை போடக் கூடாது. மூன்றாவது, அந்த வாரம் மற்றவர் செய்ததில் மனதுக்குப் பிடித்த ஒன்று. "நல்லவர், வல்லவர் எண்டு சொல்லப்படாது. ஒரு காரியத்தைச் சொல்லோணும். 'ஆனா' போடப்படாது. கேக்கிறவர் நன்றி மட்டும்தான் சொல்லலாம்" என்றாள்.

நல்ல ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன். சண்டை குறைந்தது. ஆனால் அவள் எனக்குச் சொன்னவற்றை நான் மனதில் வைத்திருந்தேன். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வந்தது. செருப்பை ஓரமாக விட்டது. மின்விசிறியைத் துடைத்தது. சங்கத்துப் பெண்களைப் பற்றி ஒரு மணி நேரம் புகழ்ந்து பேசக்கூடியவள், என்னிடம் வரும்போது பாணுக்கு மேல் போகவில்லை. பதினெட்டாவது வாரமும் பாண். நன்றி என்றேன். அதுதானே விதி.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சாமான் அறையைத் தூசி தட்டினாள். பம் அப்போது என் சட்டைப் பைக்குள் இருந்தது. தற்செயலாக அல்ல. தொய்வு இழுக்க, அவள் என்னைக் கூப்பிட்டாள். கிணற்றடியில் நின்றேன். இரண்டாம் தரம் கூப்பிட்டாள், குரல் பாதிதான் வந்தது. மூன்றாம் தரம் சத்தமே இல்லை, கதவில் கையால் தட்டினாள். ஓடிப் போய் மேசை லாச்சியை இழுத்து, உள்ளே தேடுவதுபோலத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் கண் கலங்கிச் சொன்னாள்:

"செவ்வாய்க்கிழமை நீங்க இல்லாட்டி நான் இல்ல."

அப்படியொரு வாக்கியத்தை அவள் எனக்குச் சொல்லிப் பத்து வருடமாவது இருக்கும். பம் விசயம் முடிவுகளுக்குள்ளும் போனது. எந்த நேரமும் ஒன்று கைப்பையில், பொறுப்பு நான். என் பெயரை அவளே எழுதினாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பாண்.

பங்குனியில் நெல்லு வெட்டுக் காலம் வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அவளுடைய தகப்பன் விட்ட மூன்று ஏக்கர் வட்டை இருக்கிறது. வெட்டு மெஷின் ஓடும்போது கிளம்பும் நெல்லுச் சுணைத் தூசி அவளுக்கு ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு போகமும் நேரில் நிற்பாள். சனிக்கிழமை முதலாம் தலைப்பில், "செவ்வாய், காலை ஒன்பது, வட்டை" என்று எழுதினாள். செவ்வாய்க்கிழமைக்கு நான் லீவு போட்டேன். திங்கட்கிழமை காலை கைப்பைக்குள் வைத்தது மருந்து தீர்ந்த பழைய பம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நல்லதை நூலகத்தில் என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பின்னால் போய், மூன்றாம் அழைப்புக்குக் கையில் கொடுப்பதாக இருந்தேன். அதற்கு மேல் எனக்கு எந்த நோக்கமும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்குப் போன் அதிர்ந்தது. திட்டம் மாறினால் உடனே குறிப்பில் மாற்ற வேண்டும் என்பது அவளுடைய விதி. பூட்டிய திரையில் ஒரு வரி தெரிந்தது: மெஷின் இண்டைக்கே வருது, நான் வெளிக்கிடுறன்.

வாசித்தேன். விளங்கியது. அங்கே போக நாற்பது நிமிடம். வட்டையில் மெஷினோடு நிற்கும் சாமித்தம்பி அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. அம்புலன்ஸ் நம்பர் எல்லோருக்கும் தெரியும். வாசிப்பு மேசைக்கு வந்த பிள்ளை ஒருத்திக்கு இரண்டு புத்தகம் பதிந்து கொடுத்தேன்.

பத்து இருபதுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. போன் மேசையில் கிடந்து அதிர்ந்து ஓய்ந்தது. முதல் அழைப்புக்கே போயிருந்தால் அது பாண் வாங்கிக் கொடுத்த மாதிரித்தான் என்று நினைத்தேன். இரண்டாவது பத்து இருபத்திரண்டுக்கு வந்தது. மூன்றாவதுக்காக லாச்சியைத் திறந்து, பம்மைக் கையில் எடுத்துக்கொண்டு இருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு வந்தது சாமித்தம்பி அண்ணனின் அழைப்பு.

"தம்பி, எங்க நிக்கிறீங்க? கேதீஸ் விழுந்திட்டா. அந்தப் பம்ம அமத்து அமத்தெண்டு அமத்தினா. ஒண்டும் வரல்ல. வாங்க மனே, கெதியா வாங்க."

அப்போதுதான் புறப்பட்டேன். வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது அண்ணன் மறுபடி அழைத்தார், இனி வேகமாகப் போக வேண்டிய தேவை இல்லையென்று தெரிந்துவிட்டது.

மரண விசாரணையில் என்னிடம் கேட்டது, எவ்வளவு காலமாகத் தொய்வு என்று மட்டும்தான். இருபது வருடம் என்றேன், அது உண்மை. அவள் சாக வேண்டுமென்று விரும்பினேனா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. செத்தவர் எப்படி நன்றி சொல்வது? பம்மை மாற்றியது நான். அழைப்பை எடுக்காதது நான். அவளைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்திடுகிறேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு என் போனும், அலுமாரிக்கு மேலிருந்த அவளுடைய போனும் சேர்ந்து மணியடித்தன. அன்றைக்குத்தான் குறிப்பை முழுதாகத் திறந்தேன். திங்கட்கிழமை காலை மெஷின் விசயத்தை மாற்றியபோதே அவள் மூன்றாம் தலைப்பிலும் தன்னுடைய வரியை எழுதி வைத்திருக்கிறாள்: "நான் கேக்காமலே பம்ம எடுத்து வச்சது."

அதன் கீழே என்னுடைய வரி. அவள் செய்த ஒரு காரியத்தை நான் எழுத வேண்டிய இடம். ஏழு சனிக்கிழமை அதைத் திறந்து பார்த்துவிட்டேன். இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை.