ரிசெல்யூ ஆற்றில் எறிந்த பாரம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். குண்டு விழும்போது சனத்தை ஏற்றி இறக்கிய படகோட்டி, எந்தத் தண்ணீரிலும் சனத்தைத்தான் முதலில் காப்பாற்றுவான் என்று நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. பதினைந்து வருடம் நம்பினேன்.

"குனியுங்கோ. தலையைத் தூக்காதேங்கோ."

குனிகிறேன். யோகண்ணை கேட்டதைவிடக் கூடுதலாகவே குனிகிறேன். மூக்கு படகின் அலுமினியத் தரையில் ஒட்டிக்கிடக்கிறது. பெற்றோல் மணம். அழுகிய நீர்ப்பாசி மணம். என் முதுகின் மேல் ஒரு தூண்டில் தடி கிடக்கிறது. நான்தான் அதை எறிந்துவிட்டு விழுந்தேன். பக்கத்தில் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே என் தம்பி தயா. அவன் என்னைவிட அமைதியாகக் கிடக்கிறான். வன்னியில் ஷெல்லுக்குப் பழகியவன்.

2008 புரட்டாதி. விடியற்காலை. ரிசெல்யூ ஆற்றில் பனிப்புகார். பத்து முழத்துக்கு அப்பால் எதுவும் இல்லை, வெள்ளை மட்டும். அந்த வெள்ளைக்குள் ஒரு சத்தம். இரட்டை இயந்திரம். தாழ்ந்த, ஒரே சீரான உறுமல். மீன்பிடிக்காரர் படகு அப்படி உறுமாது. அது விட்டுவிட்டு இருமும்.

சத்தம் கிட்ட வருகிறது.

யோகண்ணை கயிற்றை இழுக்கிறார். எங்கள் இயந்திரம் ஒரு தரத்தில் பிடிக்கிறது. படகின் மூக்கு மேலே எழும்புகிறது. எழும்பியபடியே நிற்கிறது. கீழே இறங்கவில்லை. அதன் பொருள் எனக்குத் தெரியும். பாரம் கூடிவிட்டது.

இனி யோகண்ணையைச் சொல்லவேண்டும்.

1993. கிளாலிக் கடனீரேரி. இருட்டு. யாழ் குடாநாட்டிலிருந்து வெளியேற வேறு வழி இல்லாத காலம். ஒரு இயந்திரப் படகு முன்னால். பின்னால் கயிற்றில் தொடுத்த படகுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகோத்ததுபோல. முன் படகின் ஓட்டி யோகண்ணை. நான் மூன்றாவது படகில். என் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி. கடற்படையின் வெளிச்சம் தண்ணீரில் ஓடியது. பிறகு சுடுகிற சத்தம். தகரத்தில் கல்லெறிந்ததுபோல.

அந்த நேரத்தில் இழுவைக் கயிற்றை வெட்டிவிட்டு ஓடிய ஓட்டிகளும் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். யோகண்ணை வெட்டவில்லை. கத்தினார்.

"சாமானை எறியுங்கோ. எல்லாத்தையும் எறியுங்கோ. ஆக்கள் மட்டும் காணும்."

அரிசி மூட்டை போனது. மண்ணெண்ணெய்க் கலன் போனது. நான் சைக்கிளை விடவில்லை. பக்கத்திலிருந்த பெண் என் கையைக் கடித்தாள். விட்டேன். படகுகள் இலேசாகின. கரை சேர்ந்தோம். கையில் பல் அடையாளம் இன்னும் இருக்கிறது. அந்தச் சைக்கிளுக்கு நான் கொடுத்த மதிப்பின் சாட்சி அது.

அந்த மனிதரை மொன்றியாலில் மறுபடி கண்டேன். வில்லரேயில் நான் வேலைசெய்த டெப்பனர்க் கடையின் கதவைத் திறந்து உள்ளே வந்தார். கடையென்றும் பாராமல் காலில் விழப் பார்த்தேன். "டேய், எழும்பு. வெள்ளைக்காரன் பாக்கிறான்" என்றார்.

இங்கேயும் அவர் படகுதான் ஓட்டினார். அப்போது ஏற்றியது சிகரெட். கறுப்புக் குப்பைப் பைகளில். "வரியைத்தான் கடத்திறன். ஆருக்கும் காயம் இல்லை" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. வரி கட்டிக் களைத்தவன் நான்.

ரிசெல்யூ ஆறு அமெரிக்காவில் ஒரு பெரிய ஏரியின் வாயிலிருந்து புறப்பட்டு வடக்கே, கனடாவுக்குள் ஓடுகிறது. அவருடைய தொழிலே அந்த ஓட்டத்தில்தான். முதலில் ஒரு பாலம். அதைத் தாண்டினால் இடது கரையில் பழைய கற்கோட்டை. கோட்டையையும் தாண்டிக் கொஞ்சம் போனால் எல்லை. பாலத்துக்குக் கீழே வந்ததும் இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிவிடுவார். பாசி விசிறியில் சுற்றாது. சத்தமும் இல்லை. ஆறே படகைக் கொண்டுபோகும். இரவில் ஒருநாளும் போகமாட்டார். இரவில் படகு விட்டால் சந்தேகம். விடியற்காலையில் விட்டால் மீன்பிடி.

மீன்பிடிக்கிறவன் நான். படகின் முன்னணியத்தில் தொப்பியோடு குந்தியிருந்து தூண்டில் வீசுவது என் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. தூண்டிலில் இரை கொழுவ மறந்த நாட்கள்தான் கூட.

2004 முடியும்போது சட்டம் மாறியது. அமெரிக்காவிலிருந்து எல்லைச் சாவடிக்கு நடந்துவந்து அகதி என்று கேட்டால் திருப்பி அனுப்பினார்கள். எப்படியாவது உள்ளே வந்துவிட்டவர் கேட்டால் வழக்கை எடுத்தார்கள். அதன்பிறகு யோகண்ணையின் படகில் ஆட்கள் ஏறினார்கள். படங்குக்குக் கீழே படுத்து வந்தார்கள். உயிர்காப்பு அங்கி எங்கள் இருவருக்கு மட்டும். மீன்பிடிக்கப் போனவர் இருவர் என்பதால்.

"கிளாலி மாதிரித்தான். இது புண்ணியம்" என்றார் யோகண்ணை. நான் பூரித்துப்போனேன். அப்போது எனக்கு மார்பளவு நாற்பது அங்குலம் இருந்திருக்கும்.

பிறகு தெற்கே போகும்போதும் பைகள் ஏறின. வாசத்திலேயே தெரிந்தது, மின்விளக்கில் வளர்த்த கஞ்சா. கேட்டேன்.

"வெறும் படகு அலையில துள்ளுமடா. பாரம் வேணும்."

"கல்லுப் போடலாமே அண்ணை?"

"கல்லுக்கு ஆர் வாசலில நிண்டு காத்திருக்கிறான்?"

சிரித்தேன். நல்ல பகிடி. சிரித்துக்கொண்டே சம்மதித்தேன் என்பது பிறகுதான் விளங்கியது.

அதற்கும் பிறகு திரும்பி வரும்போது ஒரு மீன் பெட்டி. வெள்ளை நிறம், பெரியது. இரண்டு பேர் தூக்கினார்கள். பூட்டு இருந்தது. மீனே பிடிக்காத படகில் மீன் பெட்டி. அதற்குப் பூட்டு வேறு. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஆட்களும் அந்தப் பெட்டியும் ஒரே படகில் வரத் தொடங்கியபோது ஒருதரம் மட்டும் முனகினேன். "ஆக்களைப் பிடிச்சா அகதி. பெட்டியோட பிடிச்சா ஆக்களும் கள்ளர் எல்லோ அண்ணை." அவர் விசிறியிலிருந்து பாசியை இழுத்துக்கொண்டிருந்தார்.

தயா வவுனியாவுக்கு மருந்தெடுக்க வந்தவன். திரும்பிப் போகப் பாதை இல்லாமல் போயிற்று. மனைவி வசந்தியும் மகளும் உள்ளே கிளிநொச்சியில். அவன் கொழும்பு போய், ஒரு ஏஜென்சிக்காரன் மூலம் நியூயோர்க் வந்து இறங்கினான். கனடாவில் வழக்குப் போட்டால் அவர்களைக் கூப்பிடலாம் என்பதே கணக்கு. எப்படி எடுப்பது என்று யோகண்ணையைக் கேட்டேன். வேறு ஒருவரையும் கேட்கவில்லை. கடவுளிடம் கேட்டபிறகு கோயில் மனேஜரிடம் ஏன் கேட்பான்?

"சாவடிக்குப் போனால் திருப்பிப் போடுவாங்கள். என்னட்ட விடு" என்றார்.

விட்டேன்.

மறுபடி அந்தப் புகார். உறுமல். எழும்பி நிற்கும் மூக்கு. மூன்று ஆட்களும் ஒரு பெட்டியும். சின்ன இயந்திரம். பாரம் குறைந்தால் மூக்கு இறங்கும். படகு தண்ணீருக்கு மேலே ஏறிப் பறக்கும். குறையாவிட்டால் உழுதுகொண்டே போகும். பிடிபடும்.

கிளாலி ஞாபகம் வருகிறது. இப்போது பெட்டியை எறிவார் என்று நினைக்கிறேன். எறிவதற்கு உதவ எழும்பக்கூடச் செய்கிறேன். கை பெட்டியின் பிடிக்குப் போய்விட்டது.

"அதைத் தொடாதை."

படகு இடதுபக்கம் திரும்புகிறது. நாணலுக்குள் உரசுகிறது.

"குதியுங்கோ. இது கனடா. ரோட்டுக்கு ஏறி நில்லுங்கோ. நான் வானோட வாறன்."

"நானுமோ அண்ணை?"

"நீயும்தான். குதியடா."

குதித்தேன். இடுப்பளவு தண்ணீர். சேறு ஒரு சப்பாத்தை உறிஞ்சி எடுத்தது. திரும்பிப் பார்த்தேன். படகின் மூக்கு மெல்ல இறங்கியது. அழகாக. பிறகு பறந்தது. வெள்ளைப் பெட்டி எங்களுக்குப் பதிலாக நடுவில் குந்தியிருந்தது.

கோட்டையைத் தாண்டிவிட்டோமா என்று பார்த்திருக்கவேண்டியவன் நான். என் கண் படகின் தரையில் இருந்தது. பயந்தவனுக்குத் தேசம் தெரியாது.

தயாவின் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினேன். பல் அடித்தது. என்றாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, கனடா மண். பாத்து மிதி. குளிரும்."

தயா சிரித்தான். குனிந்து ஈரப் புல்லைத் தொட்டான். "அண்ணை, வசந்திக்கு எப்ப சொல்லலாம்?" என்று கேட்டான்.

"பின்னேரமே சொல்லலாம்" என்றேன்.

ரோட்டுக்கு ஏறினோம். சந்தியில் வாகனத்தை நிற்கச் சொல்லும் சிவப்புப் பலகை. மொன்றியாலில் ஒவ்வொரு சந்தியிலும் அந்தப் பலகையில் "அரே" என்றிருக்கும். பிரெஞ்சு படிக்கப் பஞ்சிப்பட்டு எத்தனையோ வருடம் அந்தச் சொல்லைத் திட்டியிருக்கிறேன். இங்கே "ஸ்டொப்" என்றிருந்தது. பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒரு கொடி. சிவப்பு இலை இல்லை. நட்சத்திரங்கள்.

அந்த ஒரு சந்தியில் "அரே" என்று எழுதியிருந்தால் பிரெஞ்சு முழுவதையும் பாடமாக்கியிருப்பேன்.

தயா என் முகத்தைப் பார்த்தான். "என்ன அண்ணை?" என்றான். ஒரு பகிடி விடத் தேடினேன். கிடைக்கவில்லை. வாகனத்தின் சில்லுகள் சரளையில் நொறுங்கும் சத்தம் கேட்டது. வந்தது யோகண்ணையின் வான் அல்ல.

என்னை விசாரித்த அமெரிக்க அதிகாரி பிறகு சொன்னான். ரோந்துப் படகு ஆட்கள் தண்ணீரில் குதிப்பதைக் கண்டது. ஆட்கள் மூழ்கக்கூடும் என்று எங்கள் பக்கம் திரும்பியது. அந்த நேரத்துக்குள் மற்றப் படகு எல்லையைத் தாண்டிவிட்டது. அவன் சாதாரணமாகச் சொன்னான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் பயணிகள் அல்ல. துரத்துகிறவன் நின்று பொறுக்கவேண்டிய சாமான். கிளாலியில் மூட்டைகள் இருந்த இடத்தில் இங்கே நாங்கள்.

மாரி முடியுமுன் என்னை மொன்றியாலுக்கு அனுப்பினார்கள். தயாவை விடவில்லை.

2009 மாசி. டெப்பனரில் நிற்கிறேன். தொலைபேசி. வசந்தி. யாருடையவோ சற்றலைற் போன். அவளுடைய குரலுக்குப் பின்னால் ஷெல். முதலில் குத்தும் சத்தம். பிறகு கூவல். பிறகு விழும் சத்தம். கூவலுக்கும் விழுகைக்கும் இடையில் அவள் கதைக்கிறாள். இடைவெளி பழகியவள்.

"அத்தான், அவர் கரை சேந்திட்டாரோ?"

"ஓம்" என்றேன்.

"குடுங்கோவன் ஒருக்கா. பிள்ளை கதைக்கப்போறாளாம்."

"வேலைக்குப் போட்டான். பேந்து எடு."

"சரி, பேந்து எடுக்கிறன்."

எடுக்கவில்லை.

இழந்தவை. கிளாலியில் ஒரு சைக்கிள். ரிசெல்யூவில் ஒரு சப்பாத்து. ஒரு அண்ணை, உயிரோடு. மொன்றியாலிலேயே, பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியிருக்கிறார் என்று கேள்வி. ஒரு தம்பி, உயிரோடு. அமெரிக்காவில் இருக்கிறான், என்னோடு கதைப்பதில்லை. வசந்தி. வைகாசி மாதம், கடற்கரையில். மகள் அபிநயா. அதே இடத்தில், அதே ஷெல்லில். வயது ஆறு.

இன்னும் ஒன்று. தயாவுக்காகப் பிடித்த வழக்கறிஞர் அம்மா என்னிடம் கேட்டார், ஏன் ஆற்றால் கொண்டுவந்தீர்கள் என்று. அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. கனடாவில் கூடப்பிறந்தவர் இருந்தால் சாவடியிலேயே அகதி வழக்கை எடுப்பார்கள். தயா எல்லைச் சாவடிக்கு நடந்துபோய் என் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். யோகண்ணைக்கு அது தெரியும். நாங்கள் ஆற்றில் போன அதே வருடக் கோடையில் தன் தங்கச்சியை அவர் அந்தச் சாவடியால்தான் எடுத்தார். அவ பஸ்ஸில் வந்தா.