இத்துடன் ஒரு புகைப்படம்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஐயா. தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் கடிதம் எழுத, படிக்க என் மளிகைக் கடைக்குத்தான் வருவார்கள். நிலையான விலாசம் இல்லாதவர்களுக்கு என் கடை விலாசமே விலாசம்.

பூதத்தான் லாரி கிளீனர். குடித்தால் மனைவி சீனியம்மாளை அடிப்பான். அறுபத்து நான்கு ஜூனில் பூனாப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அவள் என் வீட்டுச் சமையலுக்கு வந்தாள். கன்னத்தில் வீக்கமில்லாமல் அவளை நான் பார்த்தது அந்த மூன்று மாதம்தான்.

செப்டம்பரில் பூனா ஆஸ்பத்திரி முத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒருவர், பேச்சு இல்லை, சட்டைப் பையில் இந்த விலாசம் எழுதிய பழைய கவர். 'இத்துடன் புகைப்படம் இணைத்துள்ளோம், உறவினர் அடையாளம் காட்டவும்.' படம் குண்டூசியால் குத்தியிருந்தது. பூதத்தான்தான். நெஞ்சில் எண் எழுதிய சிலேட்டு. படத்தைக் கழற்றி அடுப்பில் போட்டேன்.

கவரைத் தபால்காரர் கொடுத்தபோது அவள் பார்த்துவிட்டதால் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"படம் எங்க அண்ணாச்சி?"

"வரலயே. வைக்க மறந்திருப்பான்."

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "ஊசி குத்துன ஓட்டை ரெண்டு இருக்கே?"

"அப்ப வழியில விழுந்திருக்கும்."

"நான் போயிப் பாத்துட்டு வாரேன்."

"பத்துப் பேரு விலாசம் இது. யாரோ எவரோ. படத்தை மறுபடி அனுப்பச் சொல்லி எழுதுவோம்."

அவள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, இதையும் வைத்து அனுப்பச் சொன்னாள். நான் மடித்து ஒட்டும் இன்லாண்ட் தாளைக் காட்டினேன். உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, அது உண்மை. கவரில் எழுதியிருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினேன்: 'படம் கிடைத்தது. பார்த்தேன். இவர் என் கணவர் அல்ல.' கீழே அவள் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, வேறொரு கடிதத்தை விரித்து, அது யாரோ மலையாளத்தானாம் என்று வாசித்தேன். அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

நவம்பரில் ஞானராஜ் என்று ஒருவர் கடைக்கு வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் வார்டு பையன், திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துக்காரர். நோயாளிக்குக் கடைசி வாரத்தில் பேச்சு கொஞ்சம் திரும்பியதாம். ஒரே பெயரைத்தான் சொன்னாராம். உரிமை கோர ஆளில்லாமல் அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"சீனியம்மாங்கிறது யாரு?" என்றார். கையில் அந்த இன்லாண்ட் இருந்தது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவள் எழுந்து வந்தாள். எழுதியிருப்பதை அவர் தமிழில் சொன்னார். அவள் தன் கட்டைவிரலையே வெகுநேரம் பார்த்தாள்.

அவள் அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "படத்துல எப்படி இருந்தாவ?"

"தெளிவா இல்ல தாயி" என்றேன். அவன் கண் திறந்து கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சொன்னால் அவள் தாங்குவாளா, ஐயா? அவள் மனம் நோக நான் எதையும் செய்ததில்லை.