அவள் பாட்டின் வயது

இந்த நாற்காலி லேசாக ஆடுகிறது. ஒரு காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்தால் நின்றுவிடும். நாம் பேசப்போவதற்கு இது அவசியமில்லைதான், சொல்லிவைத்தேன்.

வானொலி நிலையத்தில் பாட்டு அறை என் பொறுப்பு. வருடம் தெரியாத பாட்டுக்கு வயது சொல்வது என் வேலை. பாட்டில் வரும் பழைய பொருளை நம்பக்கூடாது. மாட்டுவண்டியை யாரும் எந்தக் காலத்திலும் பாடலாம். புதிய பொருள்தான் சாட்சி. அது கடைக்கு வருவதற்கு முன்னால் அந்த வரி பிறந்திருக்க முடியாது.

என் மனைவி இறந்துபோன பிறகு அவள் பீரோவில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. அவளே கட்டி, அவளே பாடிய பாட்டு.

'பெல்பாட்டம் போட்ட மகராசா' என்று ஆரம்பம். எங்கள் கல்யாணத்துக்கு நான் பெல்பாட்டம்தான் போட்டிருந்தேன், தெருவையே கூட்டுகிற அகலத்தில். சந்தோஷமாகக் கேட்டேன். அடுத்த சரணம் கெடுத்தது. ராசாவின் இடுப்பில் பேஜர். ஆபரேட்டருக்குப் போன் பண்ணிச் சொல்லும் சேதி அதில் எழுத்தாக வரும். ஆபரேட்டரிடம் ஆசையைச் சொல்ல வெட்கப்பட்டு, ஆறு இலக்க டெலிபோன் எண்ணை மட்டும் சொல்லி அனுப்புகிறாள்.

பேஜர் வந்தது கல்யாணமாகி வெகுகாலம் கழித்து. செல்போன் வந்ததும் போயிற்று. அதற்குள்ளேயே எங்கள் ஊர் டெலிபோனுக்கு ஏழாவது இலக்கமும் சேர்ந்துவிட்டது. ஆக, முன்னும் பின்னும் கதவு சாத்திய சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் என் பெல்பாட்டம் எப்போதோ கரித்துணியாகியிருந்தது. எங்கள் தெருவில் அப்போதும் அதை விடாமல் போட்டுத் திரிந்தவன் ஒருத்தன்தான், ரேடியோ மெக்கானிக். பேஜரும் வைத்திருந்தான்.

வாரக்கணக்கில் கேசட்டைத் தேய்த்தேன். வேறு வருடம் வரவே மாட்டேன் என்றது. எரிச்சலில் சோறு இறங்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் கரகரக்கிறது என்று அவனைக் கூப்பிட்டேன். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்டிருந்தான். தனி டேப் ரெக்கார்டரில் பாட்டைப் போட்டுக் காட்டி, இது யாருக்கு என்று கேட்டேன்.

காது கொடுத்துக் கேட்டவன் சிரித்தான். "அண்ணே, அண்ணிக்கு இப்படியெல்லாம் கட்ட வருமா? உங்களைத்தான் வாரியிருக்காங்க."

"நான் ஏதுடா பேஜர் வெச்சிருந்தேன்?"

"நிலையத்துல குடுத்தாங்களே, மறந்துபோச்சா? பேட்டரி போட நான்தானே வந்தேன்."

பேச்சை மாற்றுகிறான் என்று புரிந்தது. அவன் கை உள்ளே இருக்கும்போதே சுவிட்சைப் போட்டேன். நல்ல ஆம்ப்ளிஃபயர், அதற்கப்புறம் வேலை செய்யவில்லை.

என் மேஜை இழுப்பறையில் எடுத்ததாக நீங்கள் நீட்டுகிறீர்களே, இன்ஸ்பெக்டர், அந்தப் பேஜர் வானொலி நிலையத்தின் சொத்து. அவசரத்துக்குப் பாட்டுத்தட்டு தேடக் கூப்பிடுவார்கள் என்று கொடுத்தது. அதை என் பேஜர் என்று சேர்ப்பது முறையில்லை. தவிர, நிலையத்திலிருந்து அதற்கு ஒருநாளும் அழைப்பு வந்ததில்லை. எந்நேரமும் ஒரே ஆறு இலக்க எண்தான் சிணுங்கிக்கொண்டிருக்கும். தொல்லை தாங்காமல் அணைத்து உள்ளே போட்டேன்.

எங்கள் வீட்டு எண்தான். வீட்டிலிருந்து வருவதையெல்லாம் யார் அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்?