வலக்கையை ஒளித்த ஓவிய ஆசிரியைக்கு

கோடுகளுக்கு உயிர் கொடுத்த கோமகளே! வெள்ளைத்தாளைக் கண்டு வெலவெலத்த பிள்ளைகளின் விரல்நடுக்கம் தீர்த்த வித்தகியே! தாழ்வாரக் கோடி அறையில் சுண்ணத்தூளும் கரித்தூளும் சூழ, சலிப்பறியாது, சலுகை கோராது, சத்தமின்றிப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் ஓவிய ஆசிரியை அம்மையீரே! தங்களோடு உண்டும் உரையாடியும், ஒரே வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டும், தங்களை அறிந்துவிட்டதாக இறுமாந்திருந்த சக ஆசிரியர்கள் தலைதாழ்ந்து வணங்குகிறோம்.

தலை தாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. நான்கு நாள்களாக நாங்கள் அதிர்ச்சியில் இருக்கிறோம். அந்த அதிர்ச்சி முழுவதும் முதலில் விழுந்தது இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட தமிழாசிரியரின் தலையில்தான். ஆகவே அவர் பட்ட பாட்டை அவை அறியச் சொல்லிவிடுகிறோம்.

அவர் முதலில் எழுதிய மடல் வேறு. உண்மையைச் சொன்னால் அது சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியருக்கு எழுதியது. உலக உருண்டையை எடுத்துவிட்டுத் தூரிகையை வைத்தார், மலைகளை அகற்றி வண்ணங்களை நிரப்பினார், வேலை முடிந்தது. புதிதாக அவர் சேர்த்த ஒரே வரி, “வல்லமை வாய்ந்த தங்கள் வலக்கை வரைந்த வளைகோடுகள் வாழிய!” என்பது. அந்த ஒரு வரிக்காக அவர் தம் முதுகைத் தாமே தட்டிக்கொண்டார். தலைமையாசிரியையும் படித்துப் பார்த்து, இதைச் சட்டமிட்டு, தங்கள் உருவப்படத்துக்குப் பக்கத்திலேயே அரங்கச் சுவரில் மாட்டிவிடலாம் என்றார்.

அந்த உருவப்படத்தைத் தங்களுக்குத் தெரியாமல் வரையச் சொல்லியிருந்தோம். வரைந்தவர் தங்கள் பழைய மாணவர். விளம்பரப் பலகைகளில் தொடங்கி, இன்று தமக்கென ஓர் ஓவியக்கூடம் வைத்திருப்பவர். தாங்கள் மதிய உணவுக்குச் சென்றிருந்த வேளையில், பல் மருத்துவரான தம் அண்ணனோடு அவர் காரில் அதை ஏற்றி வந்து ஆசிரியர் அறையில் வைத்து, மூடியிருந்த துணியை எடுத்தார். எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

முகம் தாங்களேதான். நெற்றிச் சுருக்கம், மூக்கு நுனியில் இறங்கி நிற்கும் கண்ணாடி, தோளில் சுண்ணத்தூள், எதிலும் குறையில்லை. ஆனால் சுண்ணக்கட்டி இருந்தது இடக்கையில். வலக்கையோ முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது.

அறிவியல் ஆசிரியர்தான் முதலில் வாயைத் திறந்தார். ஒளிப்படத்தை இடவலமாகத் திருப்பி வைத்து வரைந்துவிட்டார்கள் என்றார். பிறகு அவரே கிட்டப் போய்ப் பார்த்து, கைக்கடிகாரம் தாங்கள் கட்டும் அதே இடக்கையில் இருப்பதைக் கண்டு, திருப்பியிருந்தால் கடிகாரமும் மாறியிருக்குமே என்று குழம்பினார். தாங்கள் பதிவேட்டில் எழுதுவது வலக்கையால். மதிப்பெண் போடுவது வலக்கையால். எங்கள் எழுதுகோல்களை இரவல் வாங்கித் திருப்பித் தர மறப்பதும் அதே வலக்கையால். இதை அறியாதவர் இந்தப் பள்ளியில் யார்?

தலைமையாசிரியை பொறுமையாகத்தான் சொன்னார். கையை மாற்றி வரைந்தால் படம் சுவரேறும், இல்லையேல் இல்லை. வருங்காலப் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் தவறு தொங்கக் கூடாது என்றார். ஓவியர் முகம் சுண்டிப்போனது.

“அஞ்சு வருஷம் அந்தக் கையைப் பாத்துதான் நான் கோடு போடக் கத்துக்கிட்டேன். அதை மாத்தச் சொன்னா, நான் படத்தைத் தூக்கிட்டுப் போயிடுறேன்.”

சொன்னதோடு நிற்காமல் துணியை எடுத்துப் படத்தைப் போர்த்தவும் தொடங்கினார். விழாவுக்கு நான்கு நாள். மாற்றுப் பரிசு கிடையாது. தமிழாசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். படம் போனாலும் அவமானம். படம் இருந்தால் பக்கத்தில் தொங்கப்போகும் தம் வலக்கை வரி ஊர் சிரிக்கும்படி ஆகிவிடும். ஆளைச் சமாதானப்படுத்துவோம் என்று ஓவியரின் தோளைப் பிடித்து, பூட்டாமல் கிடந்த தங்கள் வகுப்பறைக்கே அழைத்துச் சென்றார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

அம்மையீரே, பிழை பொறுக்க வேண்டும். அத்தனை ஆண்டுகளில் எங்களில் பலர் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுவே முதல் முறை. வாசலிலேயே ஒரு பெட்டி, நிறைய அழிப்பான்கள். உள்ளே வரும்போது போட்டுவிட்டு வர வேண்டும், கோணல் கோட்டை அழிக்கக் கூடாது, அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட வேண்டும் என்று ஓவியர் விளக்கினார். நடுவில் ஒரு நாற்காலி. பிள்ளைகள் அதை வரைவதில்லையாம்; அதன் கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரைவார்களாம், இடம் சரியாக வந்தால் நாற்காலி தானே வந்துவிடுமாம். ஒரு கண்ணை மூடி, நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து, கட்டைவிரலை நகர்த்தி உயரத்தை அளக்கும் வித்தையையும் செய்து காட்டினார். அளந்த நேரத்தில் கோபம் சற்றுத் தணிந்தது.

பிறகு கரும்பலகையைக் காட்டினார். அன்று காலைப் பாடம் அழிக்கப்படாமல் இருந்தது: ஒரு கெட்டில். அதன் வயிற்றில் நிழல் காட்டப் போட்ட சாய்கோடுகளைப் பார்க்கச் சொன்னார். அறிவியல் ஆசிரியர் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, பக்கத்தில் வேகமாகச் சாய்கோடு போடச் சொன்னார். வலக்கைக்காரரான அவர் கோடுகள் எல்லாம் மேலே வலப்பக்கம் சாய்ந்தன. தாங்கள் போட்டவை எல்லாம் மேலே இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

தலைமையாசிரியை அங்கிருந்த பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டு, டீச்சர் எந்தக் கையால் வரைவார் என்று கேட்டார். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்துவிட்டு, இடக்கை என்றார்கள். பலகையில் தேதி எழுதுவது யார் என்றால், வகுப்புத் தலைவி என்றார்கள். இத்தனை காலம் பள்ளியில் பாதிப்பேர் ஒரு கையையும் மீதிப்பேர் மறு கையையும் பார்த்திருக்கிறோம்!

அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்ற பல் மருத்துவர் அப்போதுதான் உள்ளே வந்தார். இரண்டு தரப்பும் சொல்வது சரிதான், வலக்கையை நான் பார்த்திருக்கிறேன் என்றார். தம்பிக்கே அது புதிய செய்தி.

தாங்கள் பணியில் சேர்ந்த முதல் வாரம். அப்போது அவர் ஆறாம் வகுப்பு. இதே கெட்டிலை மேசையில் வைத்துவிட்டு, தாங்கள் பலகைப் பக்கம் திரும்பி, வலக்கையால், கையெடுக்காமல், ஒரே இழுப்பில் வரைந்தீர்கள். வகுப்பே கைதட்டியது. அவர் தட்டவில்லை. தம் தாளில் இருந்த கெட்டிலைப் பார்த்தார், பலகையில் இருந்ததைப் பார்த்தார், தாளைக் கசக்கி மேசைக்கடியில் போட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்துப் பையனும் கசக்கினான். நீங்களே வரைந்து கொடுத்துவிடுங்கள் டீச்சர் என்று முன்வரிசை தாள்களை நீட்டியது. மறுவாரம் அவர் பென்சிலே எடுத்து வரவில்லை.

அந்த மறுவாரம் தாங்கள் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடக்கையில் சுண்ணக்கட்டியைப் பிடித்தீர்கள். கெட்டில் கோணிக்கொண்டு வந்தது. மூக்கு ஒரு பக்கம் போனது, மூடி ஒரு பக்கம் போனது. வகுப்பு சிரித்தது. தாங்கள் அழிக்கவில்லை, தவறிய கோட்டுக்குப் பக்கத்தில் நிதானமாக இன்னொரு கோடு, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் முன் திரும்பிக் கெட்டிலைப் பார்த்தீர்கள். அவர் எழுந்து, கையில் அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். தாங்கள் சொன்ன பதிலை அவர் மறக்கவே இல்லை.

“அடியெல்லாம் படலப்பா. இந்தக் கைக்கு இன்னும் வரையத் தெரியாது. உங்களோட உக்காந்து அதுவும் கத்துக்கட்டும்.”

அவர் பக்கத்துப் பையனிடம் பென்சில் கடன் வாங்கினார். அன்று அவர் கெட்டில் தங்கள் கெட்டிலைவிட நன்றாக வந்தது. இன்றும் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் பல்லை ஒரு தாளில் வரைந்து காட்டுகிறாராம்.

தமிழாசிரியர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் மூலையில் சாத்தியிருந்த நீளக்குச்சி பட்டது. நுனியில் சுண்ணக்கட்டி கட்டிய அந்தக் குச்சியைத் தாங்கள் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துவதைத் தாழ்வாரத்தில் போகிற வருகிற நாங்கள் பார்த்ததுண்டு; எந்தக் கையில் என்று கவனித்ததில்லை. முதுகுவலி போலும், எட்டிப் போட முடியவில்லை போலும் என்று உச்சுக்கொட்டி, பணம் திரட்டி, ஏறி நிற்க ஒரு பலகையும் செய்து கொடுத்தோம். தாங்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டீர்கள்! அது ஏன் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டார். டீச்சரின் கை ரொம்ப நன்றாக வரைய ஆரம்பித்துவிட்டதாம், அதனால் மறுபடி கோணட்டுமென்று குச்சிக்கு மாறிவிட்டார்களாம் என்று அக்காமார் சொல்லிக் கேட்டிருப்பதாக அவர்கள் சொன்னார்கள்.

அம்மையீரே, இடக்கையும் தேறிவிட்டதென்று குச்சியைக் கட்டிய ஆசிரியை உலகில் வேறெவர்? கற்ற வித்தையைக் காட்டத் துடிப்பவர்கள் நாங்கள். தெரிந்த நாலு செய்யுளை நாற்பது முறை சொல்லி, பிள்ளைகள் வாய்பிளப்பதைக் கண்டு மகிழ்ந்தவர் தமிழாசிரியர். அவர் அங்கேயே மடலை எடுத்து, வலக்கை வரியை அடித்தார். பிறகு முழு மடலையும் அடித்தார்.

படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. தலைமையாசிரியையே துணியை விலக்கி, ஓவியரிடம் மன்னிப்புக் கேட்டார். சற்று முன் மேடையில் தாங்கள் அதைக் கண்டபோது, தங்கள் வலக்கை தன்னையறியாமல் பின்னுக்குப் போனதை அவை முழுவதும் கண்டது. இந்த வரியை மேடையோரத்தில் நின்று இப்போதுதான் சேர்த்தோம். இனி மறுத்துப் பயனில்லை.

நோயணுகா உடலும், கவலையணுகா உள்ளமும், காலை வெயிலில் பார்த்து ரசிக்கக் கணக்கற்ற நிழல்களும் பெற்று, தாங்கள் நெடுங்காலம் நிறைவோடு வாழ்க! வீட்டில் எழுதுகோல் குறைவில்லாதிருக்க, இதுவரை இரவல் வாங்கியவற்றையும் தாங்களே வைத்துக்கொள்க!

இறுதியாக ஒரு விண்ணப்பம். மேடையின் இடப்புறம் கழுவித் துடைத்த கரும்பலகை நிற்கிறது. மேசையில் அந்தக் கெட்டில் இருக்கிறது. தங்கள் வலக்கை வரைவதை இந்த அவையில் பார்த்தவர் ஒருவரே. அவர் முதல் வரிசையில், மடியில் ஒரு வெள்ளைத்தாளும் கையில் ஒரு பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார். அழிப்பானை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்தார். இதைத் தங்களிடம் சொல்லச் சொன்னார்:

“ஒரே ஒரு தடவை அந்தக் கையால போடுங்க டீச்சர். இந்தத் தடவை கசக்க மாட்டேன்.”

இங்ஙனம்,
தங்கள் அடுத்த அறைகளில் இருந்தும் எட்டிப் பாராத
ஆசிரியர்களும் அலுவலர்களும்